புகுந்த வீட்டில் யாரை என்ன முறை சொல்லி அழைப்பது: புதிதாக மணமானவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போகும் பெண்ணுக்கும், மாமனார் வீட்டுக்கு மறுவீட்டு விருந்துக்குப் போகும் மாப்பிள்ளைக்கும் முதல் வாரத்தில் வரும் சங்கடம் பெரும்பாலும் ஒன்றுதான். எதிரே ஒருவர் வந்து நிற்பார். கல்யாணத்தில் பார்த்த முகமாக இருக்கும், பெயர்கூட நினைவுக்கு வரும், ஆனால் அவரை என்னவென்று அழைப்பது என்று தெரியாது. அதனால் "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். அதையே அவர் பிறகு யாரிடமாவது, "மொட்டையா வாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டா" என்று சொல்லியிருப்பார். நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து மதுரைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அப்படி மொட்டையாகப் பேசி முதல் மாதத்தை ஓட்டியவள். அப்போது யாராவது எனக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். பெண்ணின் பக்கம் நின்று எழுதினாலும், கணவர் என்ற இடத்தில் மனைவி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலானவை மாப்பிள்ளைக்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் உறவுகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

தமிழில் உறவுச் சொற்கள் எத்தனை இருந்தாலும் அவை இரண்டே வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று, கூடப்பிறந்த முறை: அப்பா, அம்மா, பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. இவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. இன்னொன்று, கொண்டு கொடுக்கும் முறை: மாமா, அத்தை, மச்சான், அத்தான், அண்ணி, மதினி, கொழுந்தன், கொழுந்தியாள். பெண் எடுக்கவும் கொடுக்கவும் வழக்கத்தில் இடமுள்ள பக்கம் இது. அப்பாவின் தம்பி சித்தப்பாவாகவும் அம்மாவின் தம்பி மாமாவாகவும் இருப்பதற்கும், சித்தப்பா பெண் தங்கையாகவும் மாமா பெண் முறைப்பெண்ணாகவும் இருப்பதற்கும் இந்தப் பிரிவே காரணம்.

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் 1949, 1950 ஆண்டுகளில் தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், 1953-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். மாமா என்ற சொல்லை அம்மாவின் சகோதரர் என்ற இரத்த உறவாக மட்டும் பார்த்தால் போதாது என்றும், அப்பாவுக்கு மச்சான் ஆனவர் என்ற கல்யாண உறவு தலைமுறை தாண்டித் தொடர்வதையே அந்தச் சொல் காட்டுகிறது என்றும் அவர் கண்டார். நம் வீட்டுப் பெரியவர்கள் எழுத்தில் படிக்காமலே இதை விரல்விட்டுச் சொல்வார்கள்.

கணவரின் முறையைத் திருப்பிப் போடுங்கள்

கல்யாணம் ஆனதும் கணவரின் உறவினர்கள் அனைவரும் உங்களுக்கும் உறவாகிறார்கள், ஆனால் அவர் அழைக்கும் சொல்லையே நீங்களும் சொல்லக் கூடாது. உங்கள் தலைமுறையிலும் அதற்கு நேர் மேலே உள்ள தலைமுறையிலும் இருப்பவர்களுக்கு ஒரே விதிதான். கணவருக்குக் கூடப்பிறந்த முறையில் இருப்பவர் உங்களுக்குக் கொண்டு கொடுக்கும் முறையில் வருவார். கணவருக்குக் கொண்டு கொடுக்கும் முறையில் இருப்பவர் உங்களுக்குக் கூடப்பிறந்த முறையில் வருவார்.

அவருக்கு அம்மா உங்களுக்கு அத்தை, அவருக்கு அப்பா உங்களுக்கு மாமா என்பது எல்லோருக்கும் தெரியும். அதே கோட்டில் அவருடைய சித்தப்பா உங்களுக்குச் சின்ன மாமா, அவருடைய சித்தி உங்களுக்குச் சின்ன அத்தை. இதுவரை யாருக்கும் தடுமாற்றம் வருவதில்லை. விதியின் மறுபாதியில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். கணவர் அண்ணி என்று அழைக்கும் பெண், அதாவது அவருடைய அண்ணனின் மனைவி, உங்களுக்கு அக்கா. கணவரின் அக்காளைக் கட்டியவர் அவருக்கு மாமாவோ அத்தானோ மச்சானோ ஆவார், உங்களுக்கு அவர் அண்ணன். கணவரின் அத்தை, அதாவது உங்கள் மாமனாரின் அக்காளோ தங்கையோ, உங்களுக்குப் பெரியம்மா அல்லது சித்தி. மாப்பிள்ளைகளுக்கும் இப்படித்தான். மனைவியின் அக்காளைக் கட்டிய சகலை உங்களுக்கு அண்ணன் முறை. மனைவியின் தாய்மாமன் உங்களுக்கு மாமா அல்லர், பெரியப்பாவோ சித்தப்பாவோதான்.

தாத்தா, பாட்டி தலைமுறையில் இந்தப் பிரிவு கரைந்துவிடுகிறது. அவருக்குத் தாத்தா உங்களுக்கும் தாத்தாதான். கீழ்த் தலைமுறையில் திருப்ப வேண்டியதில்லை. கொழுந்தனின் பிள்ளைகள் உங்களுக்கும் பிள்ளைகளே, நாத்தனார் பிள்ளைகள் உங்களுக்கும் மருமக்களே. அவர்களைப் பெயர் சொல்லியே அழைக்கலாம் என்பதால் அங்கே சிக்கலும் இல்லை.

நான் தவறிய இடம்

கல்யாணம் ஆகி ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, என் மாமியாரின் தம்பி வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்தார். என் கணவர் உள்ளேயிருந்து "மாமா, எப்ப வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நானும் செம்பில் தண்ணீர் கொண்டுபோய், "எடுத்துக்குங்க மாமா" என்றேன். அவர் செம்பை வாங்கினார், குடித்தார், ஒன்றும் சொல்லவில்லை. கீழே வைக்கும்போது மட்டும், "சித்தப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் கொண்டாம்மா" என்றார். எனக்குப் புரியவில்லை. இங்கே சித்தப்பா யார் என்று திரும்பிப் பார்த்தேன். அடுப்படிக்கு வந்ததும் மாமியார் மெதுவாகச் சொன்னார்: "எனக்குத் தம்பின்னா உனக்குச் சித்தப்பாடி. உன் புருஷனுக்குத்தான் மாமா."

அவர் சொன்னதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் பார்ப்போம். என் மாமியார் எனக்கு அத்தை. அத்தை என்றால் அப்பாவின் உடன்பிறந்தாள் இருக்கும் இடம். அப்பாவின் உடன்பிறந்தாளுக்குத் தம்பி யார்? அப்பாவுக்கும் தம்பிதான், ஆகவே எனக்குச் சித்தப்பா. அவர் என் மாமியாருக்கு மூத்தவராக இருந்திருந்தால் பெரியப்பா. நான் அவரை மாமா என்று அழைத்தபோது, என்னை அறியாமலே அவரை என் மாமனாரின் பங்காளியாக ஆக்கிவிட்டேன். ஆனால் அவரோ அந்த வீட்டுக்குப் பெண் கொடுத்த பக்கத்தைச் சேர்ந்தவர், மாமனாருக்கு மச்சான். புகுந்த வீட்டில் எனக்குத் தகப்பன் நிலையில் நிற்கக்கூடிய ஆள் அவர்தான். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. பின்னாளில் எனக்காக அந்த வீட்டில் ஒரு வார்த்தை பேச வேண்டி வந்தபோதெல்லாம், "என் மக" என்று சொல்லிக்கொண்டு முதலில் பேசியவர் அவர்தான்.

அவர் பிள்ளைகளையும் இதே வழியில் வைத்துப் பாருங்கள். என் கணவருக்கு அவர்கள் மாமா மகன், மாமா மகள், அதாவது மச்சானும் முறைப்பெண்ணும். எனக்கு அவர்கள் சித்தப்பா பிள்ளைகள், தம்பியும் தங்கையும். கணவர் கேலி பேசலாம் என்று இருக்கும் அந்தப் பெண்ணிடம் நான் தங்கையிடம் பேசுவதுபோலப் பேச வேண்டும். அவள் என்னை அக்கா என்பாள்.

குழந்தையின் வாயில் வைத்துச் சரிபாருங்கள்

உங்கள் தலைமுறையைச் சேர்ந்த ஒருவரின் முறையில் ஐயம் வந்தால் இதைவிட எளிய சோதனை இல்லை. உங்களுக்குக் குழந்தை இன்னும் பிறந்திருக்க வேண்டியதில்லை, மனதுக்குள் வைத்துப் பார்த்தாலே போதும். உங்கள் குழந்தை அந்த ஆணை மாமா என்று அழைக்குமானால் அவர் உங்களுக்கு அண்ணனோ தம்பியோதான். பெரியப்பா, சித்தப்பா என்று அழைக்குமானால் அவர் உங்களுக்குக் கணவரின் உடன்பிறந்தான் முறை. பெண்ணாக இருந்தால், குழந்தைக்கு அத்தை ஆகிறவர் உங்களுக்கு நாத்தனார் முறை, குழந்தைக்குப் பெரியம்மா அல்லது சித்தி ஆகிறவர் உங்களுக்கு அக்கா அல்லது தங்கை.

நாத்தனாரின் கணவரை எடுத்துக்கொள்வோம். அவர் குழந்தைக்கு அத்தையின் கணவர், ஆகவே மாமா. குழந்தைக்கு மாமா என்றால் எனக்கு அண்ணன். விதியும் அதையேதான் சொன்னது. இரண்டு வழியாகவும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்தால் தைரியமாக அழைக்கலாம்.

புகுந்த வீட்டில் ஒருவர் ஏற்கெனவே உங்களுக்குப் பிறந்த வீட்டு வழியில் உறவாக இருந்தால், பழைய சொல்லை மாற்றாதீர்கள். அத்தை மகனைக் கட்டியவருக்கு அநேகமாக எதுவும் மாறாது. மாமியார் முன்பே அத்தை, கொழுந்தன் முன்பே மச்சான். சொற்கள் அந்தக் கல்யாணத்துக்கென்றே அமைந்தவைபோல இருக்கும். அன்னியத்தில் முடித்த கல்யாணங்களில்தான் எப்போதாவது, கணவருக்குச் சித்தி ஆன ஒருவர் உங்களுக்கும் தாய்வழியில் சித்தி என்று தெரியவரும். பெண் பார்க்கும்போதே பெரியவர்கள் "முறை என்ன ஆகுது?" என்று கேட்பது இதற்காகத்தான். தெரியாமல் முடிந்துவிட்டால், பிறந்ததிலிருந்து அழைத்த சொல்லே நிற்கட்டும். நாற்பது வயதில் ஒருவரைச் சித்தியிலிருந்து அத்தையாக மாற்ற முயன்றால் இருவருக்குமே கூச்சமாகிவிடும்.

சுட்டும் சொல் வேறு, அழைக்கும் சொல் வேறு

மாமியார், மாமனார், நாத்தனார், கொழுந்தனார், ஓரகத்தி, மருமகள், சம்பந்தி ஆகியவை எல்லாம் ஒருவரைப் பற்றி மூன்றாம் ஆளிடம் சொல்லப் பயன்படும் சொற்கள். "இவங்க என் நாத்தனார்" என்று அறிமுகம் செய்யலாம். "நாத்தனாரே, இங்க வாங்க" என்று அழைத்தால், கேலி உரிமை உள்ள இருவருக்கிடையே விளையாட்டாக இருக்கும், மற்றபடி காதுக்குக் குத்தலாகவே இருக்கும். சம்பந்தி, சகலை, மாப்பிள்ளை போன்ற சில சொற்கள் மட்டும் இரண்டு வேலையையும் செய்யும்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் இரண்டு சொற்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரை அழைப்பது அத்தை. சில வீடுகளில் கணவரைப் போலவே அம்மா என்றும் அழைப்பார்கள். ஓரகத்தி மூத்தவராக இருந்தால் அக்கா, இளையவராக இருந்தால் பெயர். கொழுந்தனைத் தம்பி என்றோ பெயர் சொல்லியோ அழைக்கலாம். மூத்த நாத்தனாரை ஊருக்கு ஏற்ப அண்ணி, மதினி என்பார்கள். பல வீடுகளில் அக்கா என்றே வழங்குகிறது.

இங்கே கவனமாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி எழும். விதிப்படி கொழுந்தன் கொண்டு கொடுக்கும் முறையில் இருப்பவர் ஆயிற்றே, அவரைத் தம்பி என்பது எப்படிச் சரியாகும்? தம்பி என்ற சொல் தமிழில் உறவைத் தாண்டி விரிந்துவிட்டது. பேருந்தில் பக்கத்தில் நிற்கும் பையனும் தம்பிதான், கடையில் பொட்டலம் மடிக்கும் இளைஞனும் தம்பிதான். அது மரியாதை கலந்த பரிவுச் சொல்லாகிவிட்டதால், அதில் யாரும் முறை பார்ப்பதில்லை. ஆனால் கணவரின் அண்ணனை அண்ணா என்று அழைத்தால் பல வீடுகளில் பாட்டிமார் சும்மா இருக்க மாட்டார்கள். "அவன் உனக்கு அண்ணன்னா உன் புருஷன் உனக்கு யாரு?" என்று நேராகவே கேட்டுவிடுவார்கள். அங்கே மச்சான், அத்தான், மாமா என்று அந்த வீட்டு வழக்கம் எதுவோ அதுதான் சொல். இன்று நகரத்து வீடுகள் பலவற்றில் அண்ணா என்பதே பழகிவிட்டது என்பதும் உண்மை. உங்கள் புகுந்த வீடு எந்த வகை என்று தெரியும்வரை அந்த ஒரு சொல்லில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

கணவரின் அண்ணனும், அக்காளின் கணவரும், அம்மாவின் தம்பியும் ஒரே மாமாவாக எப்படி ஆனார்கள் என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் பல சமூகங்களில் இருந்தது. அப்படிக் கட்டியவளுக்கு மாமாவே கணவர். ஆகவே மாமா என்ற சொல் ஒரு தலைமுறை இறங்கி, கட்டிக்கொள்ளும் முறையில் உள்ள மூத்த ஆண்களுக்கும் பொதுவாகிவிட்டது.

அந்த வீட்டுச் சொல்லைக் காதால் பிடியுங்கள்

விதி உங்களுக்கு முறையைச் சொல்லும், அந்த வீட்டில் வழங்கும் சொல்லைச் சொல்லாது. அது ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் மாறும். என் பிறந்த வீட்டில் அண்ணன் மனைவி அண்ணி, இங்கே மதினி. கொங்குப் பக்கத்தில் அதே இடத்தில் நங்கை என்பார்கள். பிராமணர் வீடுகளில் மன்னி என்றும், அக்காள் கணவரை அத்திம்பேர் என்றும் அழைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் அத்தை என்ற சொல்லுக்கு வேலையில்லை, அப்பாவின் தங்கையும் மாமியாரும் மாமிதான். சொல் எதுவானாலும் அது நிற்கும் இடம் ஒன்றுதான் என்பதால், இடத்தை விதியால் கண்டுபிடித்துவிட்டுச் சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கேட்க வேண்டியவர் கணவர் அல்லர். அவர் தன் பக்கத்துச் சொல்லைத்தான் சொல்வார், திருப்பிச் சொல்லத் தெரியாது. உங்களுக்கு முன்பே அந்த வீட்டுக்கு வாழ வந்த மூத்த மருமகள் நிற்கும் இடத்தில்தான் நீங்களும் நிற்கிறீர்கள். அவர் யாரை எப்படி அழைக்கிறாரோ அதையே, வயது வித்தியாசத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, நீங்களும் சொல்லலாம். மூத்த மருமகள் இல்லாத வீட்டில், கணவரின் சித்தப்பா வீட்டு மருமகளைக் கவனியுங்கள்.

பெரியவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்வதையும் கூர்ந்து கேளுங்கள். தமிழில் பெரியவர் ஒருவர் இளையவரிடம் பேசும்போது நான் என்பதற்குப் பதிலாக முறையைச் சொல்வது சாதாரணம். "அத்தை சொல்றேன் கேளு", "மாமாவுக்கு ஒரு வாய் காப்பி கொடும்மா" என்பார்கள். தன்னை எப்படி அழைக்க வேண்டும் என்று அவர் வாயாலேயே சொல்லிக் கொடுப்பது அது. திண்ணையில் அன்று எனக்குச் சித்தப்பா சொன்னதும் அதுதான். நான்தான் பிடிக்கத் தவறினேன்.

கல்யாணப் பத்திரிகையையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். யார் யாருடைய பெயர் எந்த வரிசையில் அச்சாகியிருக்கிறது என்று கணவரை உட்காரவைத்துக் கேட்டால் பாதிக் குடும்பம் தெளிவாகிவிடும். மாலை போட்டுச் சீர் செய்தவர் தாய்மாமன், தாலியின் மூன்றாம் முடிச்சைப் போட்டவர் நாத்தனார் என்று, மணமேடையில் யார் என்ன செய்தார்கள் என்பதும் யார் யார் என்பதைக் காட்டிவிடும்.

சொல்லின் ஓசையும் இடமும்

சரியான சொல்லைக் கண்டுபிடித்தாலும் அதை எங்கே, எப்படி வைக்கிறோம் என்பதில் பாதிப் பொருள் இருக்கிறது. விளியை வேற்றுமைகளில் எட்டாவதாக வைத்த தொல்காப்பியம், அதற்கென்றே விளிமரபு என்று ஓர் இயலை ஒதுக்கியது. அருகில் இருப்பவரை அழைக்கும்போது பெயர் இயல்பாகவே நிற்கும் என்றும், தூரத்தில் இருப்பவரை அழைக்கும்போது ஓசை நீளும் என்றும் அது சொல்வதை இன்றும் வீட்டில் கேட்கலாம். பக்கத்தில் இருக்கும் தம்பி, கொல்லையில் இருந்தால் தம்பீ ஆகிவிடுவான். புது மருமகள் ஒருத்தி அடுப்படியிலிருந்து கூடத்துக்கு "மாமாஆ" என்று நீட்டி அழைப்பதைவிட, நான்கு அடி நடந்து போய் இயல்பான குரலில் மாமா என்று சொல்வது நல்லது. நீட்டி அழைக்கும் உரிமை ஓராண்டில் தானாக வந்துவிடும்.

மாமா, அண்ணா, அக்கா என்று நாம் பெயராக நினைப்பவையே மாமன், அண்ணன், அக்காள் என்பவற்றின் விளி வடிவங்கள். "மாமன் வந்தான்" என்பதற்கும் "மாமா வந்தார்" என்பதற்கும் உள்ள மரியாதை வேறுபாடு அதில்தான் இருக்கிறது. ஆகவே ஒருவரைப் பற்றி வேறொருவரிடம் பேசும்போதும் அழைக்கும் வடிவத்தையே பயன்படுத்துவது பாதுகாப்பானது.

வாக்கியத்தில் எந்த இடத்தில் வைப்பது என்பதும் உண்டு. "மாமா, சாப்பிட வாங்க" என்றால் அவர் கவனத்தைத் திருப்பும் அழைப்பு. செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பவருக்கு அதுதான் வேண்டும். "சாப்பிட வாங்க மாமா" என்றால் அவர் ஏற்கெனவே உங்களைப் பார்த்துவிட்டார். கடைசியில் வரும் மாமா ஒரு குழைவைச் சேர்க்கிறது. ஒரு வேண்டுகோளையோ மறுப்பையோ சொல்லும்போது முறைச்சொல் கடைசியில் வரட்டும். "வேண்டாம்" என்பதற்கும் "வேண்டாம் அத்தை" என்பதற்கும் உள்ள தூரத்தை நீங்களே சொல்லிப் பாருங்கள்.

பெயர் சொல்வது

மூத்தவரை முறை சொல்லி அழைப்பதும், இளையவரைப் பெயர் சொல்லி அழைப்பதும் வீட்டுக்குள் உள்ள பொதுவழி. இது எதிரெதிரே ஒத்துப்போகாது. நீங்கள் அக்கா என்பீர்கள், அவர் உங்களைப் பெயரால் அழைப்பார், அதில் குறைவு ஒன்றுமில்லை. வயதும் முறையும் மோதும்போதுதான் யோசிக்க வேண்டும். உங்களைவிட நான்கு வயது இளைய ஒருவர் உங்களுக்குச் சின்ன மாமனார் முறையில் வந்தால், மாமா என்று அழைத்து நீங்கள் என்று பேசுவதுதான் சரி. அவரே வெட்கப்பட்டுப் "பெயர் சொல்லியே கூப்பிடுங்க" என்று சொன்னாலும், நாலு பேர் முன்னால் முறையை விடாதீர்கள்.

கணவரின் பெயர் தனிக் கதை. அந்தக் காலத்துப் பெண்கள் அதை வாயால் சொல்லவே மாட்டார்கள், யாராவது கேட்டால் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைச் சொல்லச் சொல்வார்கள். "ஏங்க", "என்னங்க" என்பவையும், குழந்தை பிறந்த பிறகு அதன் பெயரோடு சேர்த்து இன்னாரின் அப்பா என்பதும் அந்த இடைவெளியை நிரப்பப் பிறந்தவைதான். இன்று பெயர் சொல்லி அழைக்காத இளம் தம்பதி குறைவு. நான் அதில் தவறு காணவில்லை. ஆனால் இருவரும் முன்கூட்டியே ஒன்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும்: தனியாக இருக்கும்போது எப்படி, பெரியவர்கள் இருக்கும்போது எப்படி. தனிமையில் வழங்கும் டா, பெரியவர்கள் நடுவே தவறி விழுந்தால் அது உங்கள் இருவரின் நெருக்கமாகக் கேட்காது, அவர்கள் பிள்ளைக்கு நேர்ந்த அவமரியாதையாகவே கேட்கும். அவர் உங்களை டி போட்டு அழைப்பதற்கும் அதே அளவுகோலை வையுங்கள். உங்கள் அப்பா, அம்மா முன்னால் அது எப்படிக் கேட்கும் என்று அவரும் யோசிக்கட்டும்.

உறவினர்களிடம் அங்கிள், ஆன்ட்டி வேண்டாம். நண்பரின் பெற்றோருக்கும் அடுக்குமாடியில் எதிர்வீட்டாருக்கும் அவை பொருத்தமாக இருக்கின்றன, ஏனென்றால் அங்கே எந்த முறையும் இல்லை. பெரியப்பாவா, மாமாவா என்று பக்கம் சேராமல் தப்பிக்க வழிசெய்வதே அங்கிள் என்ற சொல்லின் வசதி. உறவினரிடம் சொன்னால், அவர் எந்தப் பக்கம் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று ஆகிவிடும். சார், மேடம் போன்ற பதவிச் சொற்கள் வேலையிடத்துக்கு உரியவை. கணவரின் பெரியப்பா நீங்கள் வேலை செய்யும் பள்ளியிலேயே தலைமையாசிரியராக இருந்தால், வாசலுக்கு உள்ளே ஐயா அல்லது சார், வெளியே பெரிய மாமா. அங்கே முறை சொல்லி அழைத்தால் மற்ற ஆசிரியர்கள் அதைச் சலுகை கேட்பதாக எடுத்துக்கொள்வார்கள்.

தவறிவிட்டால்

தவறு தெரியும் அடையாளங்கள் சிறியவை. நீங்கள் அழைத்ததும் அவர் பதில் சொல்ல ஒரு நொடி தாமதிப்பார், பக்கத்தில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், அல்லது நான் மேலே சொன்னபடி, சரியான சொல்லைத் தன்மேல் போட்டு அவரே பேசுவார். அப்போது மன்னிப்பும் விளக்கமும் வேண்டியதில்லை. அடுத்த வாக்கியத்திலேயே சரியான சொல்லை வைத்து ஏதாவது ஒன்றைக் கேட்டுவிடுங்கள். அன்று இரண்டாவது செம்புத் தண்ணீரைக் கொண்டுபோனபோது நான் செய்ததும் அதுதான். "போதுமா சித்தப்பா, இன்னும் வேணுமா?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டு, "உக்காரும்மா, எந்த ஊரு உங்களுக்கு?" என்று அப்போதுதான் பேசத் தொடங்கினார்.